மாமன் கொடுத்த கடிதமும் பல்கலைக்கழகத்துக் கணக்கும்

தோட்டத்துப் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் போனதும், முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போன் வருகிறது. "அப்பா, யார் பீஸ் கட்டுறாங்கன்னு ஒரு கடிதம் கேக்குறாங்க. சூராட் தாஜாஆன் வேணுமாம்." அப்பா பெரட்டு முடிந்து கிராணியிடம் ஓடுகிறார். அம்மா பட்டணத்தில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போடுகிறாள். யாரோ ஒருவர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். பிள்ளை அதைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பிக்கிறது. எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். பீஸ் விவகாரம் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

தீரவில்லை, தோழர்களே. பல குடும்பங்களுக்குச் சங்கடம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கடிதம் என்ன செய்யும், என்ன செய்யாது, கொடுத்தவர் பணம் கட்டாமல் போனால் கடன் யார் தலையில் விழும் என்பதை இந்த வாரம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மூன்று கடிதங்கள், மூன்று வேலைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் கேட்கும் தாள்கள் மூன்று வகை. மூன்றையும் நம் மக்கள் 'பல்கலைக்கழகக் கடிதம்' என்று ஒரே பேரில் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

ஒன்று, வருமான உறுதிக் கடிதம். அப்பாவின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று தோட்ட ஆபீஸ் எழுதிக் கொடுப்பது இதுதான். உபகாரச் சம்பளத்துக்கும் கல்விக் கடனுக்கும் மனுச் செய்யும்போது இது தேவைப்படும். இதில் தோட்ட நிர்வாகம் ஒரு காசும் கொடுப்பதாகச் சொல்லவில்லை. சம்பளக் கணக்கைச் சொல்கிறது, அவ்வளவுதான். 'தோட்டத்து ஆபீசில் முத்திரை போட்டுக் குடுத்துட்டாங்க' என்று இதையே பீஸ் கட்டும் கடிதமாக நினைத்துப் பிள்ளை சேர்ப்பித்துவிடுவதும் உண்டு. பல்கலைக்கழகம் அதை வாங்கி வேறு கோப்பில் வைத்துவிடும். பீஸ் கணக்கு அப்படியே நிற்கும்.

இரண்டாவது, ஜாமீன் பத்திரம். அரசாங்க இலாகாவோ அறவாரியமோ கடனோ உபகாரச் சம்பளமோ கொடுக்கும்போது, பிள்ளை திருப்பிக் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஒருவரோ இருவரோ கையெழுத்துப் போடுவது. மலாய் மொழியில் இவரைப் பெஞ்ஜாமின் என்பார்கள். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரம்.

மூன்றாவதுதான் நாம் பேசப்போகும் கடிதம். இன்ன மாணவருக்கு இன்ன படிப்புக்கு இவ்வளவு பீஸை நாங்கள் கட்டுகிறோம், ரசீதையும் பில்லையும் எங்களுக்கு அனுப்புங்கள் என்று முதலாளியோ, நிறுவனமோ, உறவினரோ பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது. இவருக்குப் பெனாஜா என்று பேர். பெனாஜா வேறு, பெஞ்ஜாமின் வேறு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒருவர் பணம் கொடுப்பவர், மற்றவர் பணம் கொடுக்காதவருக்குப் பதில் சொல்பவர். இதைக் குழப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் தோட்டந்தோறும் இருக்கிறார்கள்.

கடிதம் போன பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

பல்கலைக்கழகத்தில் பீஸ் வாங்கும் இலாகாவுக்குப் பெண்டஹாரி ஆபீஸ் என்று பேர். அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணக்கு உண்டு, நம் தோட்டத்துக் கடையில் பற்றுப் புத்தகம் வைத்திருப்பது போல. ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் அந்தத் தவணைக்கான பீஸ் அந்தக் கணக்கில் பற்றாக ஏறும். பணம் வந்தால் வரவு.

நிறுவனம் ஒன்று முறையான கடிதம் கொடுத்தால், அந்தக் கணக்கில் பெனாஜாவின் பெயரை ஏற்றுவார்கள். அப்புறம் தவணை பில் நேராக அந்த நிறுவனத்துக்குப் போகும். பணம் வரும் வரை சில வாரங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பிள்ளை பாடம் பதிவு செய்வதையும் பரீட்சை எழுதுவதையும் அந்த நாட்களில் தடுக்கமாட்டார்கள். கடிதத்தால் கிடைக்கும் நன்மை இவ்வளவுதான்: பில் போகும் இடம் மாறுகிறது, கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

கடன் மட்டும் இடம் மாறுவதில்லை. பிள்ளை முதல் நாள் பதிவு செய்யும்போது கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் பீஸ் கட்டும் பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கும். இந்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் மேஜர். ஐந்தாம் பாரமோ ஆறாம் பாரமோ முடித்துப் போகும் பிள்ளை பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியிருக்கும். ஆகவே அது போட்ட கையெழுத்து செல்லும். பெனாஜா கட்டாவிட்டால் பல்கலைக்கழகம் பெனாஜாவைத் தேடிக்கொண்டு அலையாது. பிள்ளையின் கணக்கில் பாக்கி என்று எழுதும். அடுத்த தவணைக்குப் பாடம் பதிவு செய்ய விடாது. பரீட்சை ரிசல்ட்டை நிறுத்தி வைக்கும். கடைசியில் பட்டச் சான்றிதழைக் கையில் கொடுக்காது.

உறவினர் கடிதத்துக்கு நிலைமை இன்னும் மோசம். மாமனோ சித்தப்பாவோ தன் சொந்தப் பேரில் கடிதம் கொடுத்தால், பல பல்கலைக்கழகங்கள் அதைப் பெனாஜா கடிதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. கோப்பில் வைத்துக்கொள்வார்கள். கணக்கில் 'சொந்தச் செலவு மாணவர்' என்றே இருக்கும். பில் பிள்ளையின் பேருக்கே வரும். இதில் அவர்கள் மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது. ஒரு கம்பெனியிடம் பதிவு எண் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, கணக்குப் பிரிவு இருக்கிறது, பில் அனுப்பினால் வாங்க ஆள் இருக்கிறது. மாமனுக்கு என்ன இருக்கிறது? ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். கடிதத்தை வாங்கும் குமாஸ்தா, 'இது பதிவுக்கு மட்டும், பில் உங்களுக்கே வரும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எத்தனையோ வீட்டில் கண்ணீர் மிச்சம். அதைச் சொல்வதில்லை. கடிதம் வாங்கிக்கொண்ட மௌனத்தை நம் மக்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம்

விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பா குலை வெட்டுகிறார். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் அவர் வருமானம். மகள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் படிப்பில் சேர்கிறாள். தவணைக்கு 3,000 வெள்ளி, ஆறு தவணை, ஆக 18,000 வெள்ளி. தாய்மாமன் பட்டணத்தில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மனசு பெரியவர். "அக்கா, நீ கவலப்படாத. பொண்ணோட படிப்புச் செலவு என்னோடது" என்று சொல்லிவிட்டு, 'இவளுடைய முழுப் படிப்புச் செலவையும் நானே ஏற்கிறேன்' என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

முதல் தவணை 3,000 வெள்ளியை மாமன் கட்டிவிட்டார். இரண்டாம் தவணையில் பட்டறையில் வேலை குறைந்தது. கொஞ்சம் பொறுத்துக் கட்டலாம் என்று அவர் விட்டுவிட்டார். அப்பாவும் அம்மாவும் மாமன் கட்டியிருப்பார் என்று இருந்தார்கள். பெண்ணோ, பில் மாமனுக்குப் போயிருக்கும் என்று இருந்தாள். பில் அவளுடைய மாணவர் கணக்கில்தான் ஏறியிருந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. பரீட்சைக்குப் போகும் வாரத்தில் பரீட்சைச் சீட்டு வரவில்லை. அப்போதுதான் 3,000 வெள்ளி பாக்கி என்று தெரிகிறது. இரண்டே நாளில் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாமன் நல்லவர். பெண் ஒழுங்காகப் படிப்பவள். கெட்டது ஒரே ஒரு காரணத்தால்: கடிதம் கொடுத்ததும் பில் அங்கே போகும் என்று மூன்று பேரும் நினைத்தார்கள், அது உண்மையா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொரு முடிச்சும் அந்தக் கடிதத்தில் இருந்தது. 'முழுப் படிப்புச் செலவையும்' என்ற வார்த்தை. சங்கிலி அடகு போன பிறகு அப்பா ஊழியர் சேமநிதியில் கல்விக்காகப் பணம் எடுக்க நினைக்கிறார். 2024 மே 11-ஆம் தேதி முதல் சேமநிதியில் 55 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாதாமாதம் சேரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்ஸிபல் கணக்குக்கும் போகிறது. பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. பீஸ் எவ்வளவோ, அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ, இரண்டில் குறைந்த தொகையைத்தான் எடுக்கலாம். தன் பிள்ளைக்குத் தகப்பனோ தாயோ எடுக்கலாம். தங்கை மகளுக்காகவோ அக்கா மகளுக்காகவோ மாமன் தன் சேமநிதியிலிருந்து எடுக்க முடியாது. அது அவருடைய சொந்தக் காசாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படி எடுக்கப் போகும்போதும் சரி, பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு மனுப் போடும்போதும் சரி, இந்தப் பிள்ளைக்கு வேறு யாராவது செலவு கொடுக்கிறார்களா என்ற கேள்வி வரும். ஒரே பீஸுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவதைத் தடுக்கத்தான் இந்தக் கேள்வி. பல்கலைக்கழகக் கோப்பில் 'முழுச் செலவும் மாமனுடையது' என்று ஒரு கடிதம் இருந்தால், உண்மையில் மாமன் ஒரு தவணைதான் கட்டினார் என்பதை நாம்தான் போய் விளக்க வேண்டும். பெருந்தன்மையாக எழுதிய ஒரு வார்த்தை, வர வேண்டிய பணத்துக்கே குறுக்கே நிற்கும்.

அந்தக் குடும்பம் எப்படிச் செய்திருக்கலாம்? மாமனின் பட்டறை பதிவு செய்த கம்பெனி என்றால், கடிதம் கம்பெனித் தாளில், கம்பெனிப் பேரில் வந்திருக்க வேண்டும். முழுப் படிப்புக்கும் என்று எழுதாமல், முதல் இரண்டு தவணைக்கு, டியூஷன் பீஸ் மட்டும், மொத்தம் 6,000 வெள்ளிக்கு மேற்படாமல் என்று எழுதியிருக்க வேண்டும். மீதி 12,000 வெள்ளிக்கு ஆரம்பத்திலேயே வழி தேடியிருக்க வேண்டும். அப்பாவின் செஜாத்ரா கணக்கில் 4,500 வெள்ளி இருந்தால், அது ஒன்றரைத் தவணைக்கு ஆகும். பாக்கி 7,500 வெள்ளிக்குக் கல்விக் கடன். கல்விக் கடன் பணம் தவணை தொடங்கின அன்றே வந்து சேராது. ஆகவே முதல் இரண்டு தவணையை மாமன் தாங்கிக்கொண்டால், அந்த இடைவெளியில் கடன் மனு முடிந்துவிடும். மாமனின் 6,000 வெள்ளிக்கு அப்போது முழுப் பயன் கிடைக்கிறது. அவர் மேல் 18,000 வெள்ளிப் பாரமும் இல்லை, அக்காள் தம்பி உறவிலும் விரிசல் இல்லை.

மாமன் சொன்ன சொல்லைச் சட்டம் காக்குமா?

"கடிதம்தான் இருக்கே, மாமன் மேல கேஸ் போட முடியாதா?" என்று சிலர் கேட்பார்கள். சொந்தத்தில் கேஸ் போட யாருக்கும் மனசு வராது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சட்டம் என்ன சொல்கிறது? இந்நாட்டு 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பதிலுக்கு ஒன்றும் பெறாமல் கொடுத்த வாக்கு பொதுவாகச் செல்லாது என்கிறது. நெருங்கிய சொந்தத்துக்குள் பாசத்தால் கொடுக்கும் வாக்குக்கு ஒரு விலக்கு உண்டு. அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டிய வகை என்றால் முறைப்படி பதிவும் செய்திருக்க வேண்டும். மாமன் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த கடிதத்தை நம்பி நீதிமன்றம் போய் ஜெயிப்பது எளிதல்ல. ஆகவே அதை அன்பின் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், வங்கிப் பணமாக எண்ணாதீர்கள்.

இதே மாமன் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் கதை தலைகீழ். அதே சட்டத்தின் 81-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதாத வரை, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் கொடுத்தவருக்கும் அவ்வளவு பொறுப்பு. பிள்ளையிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் ஜாமீன்காரரிடம் வர வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே ஒரு நிம்மதி உண்டு. 2017 அக்டோபர் 6-ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத் திருத்தப்படி, லாபம் எதிர்பாராமல் ஒருவருடைய கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க வழக்குப் போட முடியாது. திவால்தான் கூடாதே தவிர, பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம் என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆகவே உறவினர் யாராவது ஒரு தாளில் கையெழுத்துப் போடும் முன், தலைப்பில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். பெனாஜா என்றால் ஒரு கணக்கு, பெஞ்ஜாமின் என்றால் வேறு கணக்கு. மலாய் புரியாவிட்டால் பள்ளிக்கூட வாத்தியாரிடமோ, சங்கத் தலைவரிடமோ காட்டிப் படித்துக்கொண்டு பிறகு பேனாவை எடுங்கள்.

முதலாளி கொடுக்கும் கடிதம்

தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கோ ஆபீசுக்கோ வேலைக்குப் போன நம் இளைஞர்கள் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள். நல்ல முதலாளிகள் பீஸ் கட்ட முன்வருகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கம்பெனி கடிதம் போகிறது, பில் கம்பெனிக்குப் போகிறது. இது மாமன் கடிதத்தைவிட உறுதியானது. ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இன்னொரு பத்திரம் இருக்கும். அது பல்கலைக்கழகத்துக்குப் போகாது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே இருப்பது. படிப்பு முடிந்து இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்ய வேண்டும், இடையில் போனால் பீஸைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும்.

இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுப் பத்திரம் இந்நாட்டில் பெரிய வழக்காகவே வந்திருக்கிறது. 1971-இல் அரசாங்கம் ஒரு பயிற்சி ஆசிரியர் மேல் போட்ட வழக்கில், பத்திரம் எழுதியபோது அவர் மேஜர் ஆகவில்லை, ஆகவே பத்திரம் செல்லாது என்று தீர்ப்பானது. கல்வி என்பது ஒருவருக்கு அவசியத் தேவை என்பதால், நியாயமான ஒரு தொகையை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அதற்குப் பின் 1976-இல் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசாங்கத்தோடு செய்யும் உபகாரச் சம்பள ஒப்பந்தத்தை, வயது குறைவு என்ற காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். 'பையன் சின்னவன், கையெழுத்து செல்லாது' என்ற பேச்சு அங்கே எடுபடாது என்று அர்த்தம்.

முதலாளி பத்திரத்தில் நம் இளைஞர்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். முதலாவது, திருப்பிக் கட்ட வேண்டிய தொகை வருடா வருடம் குறைகிறதா? மூன்று வருடக் கட்டுப்பாட்டில் இரண்டு வருடம் உழைத்துவிட்டுப் போகிறவன், 9,000 வெள்ளி பீஸில் 3,000 மட்டும் கட்டினால் அது நியாயம். முழு 9,000-மும் கட்டச் சொன்னால் கையெழுத்துப் போடும் முன்பே பேச வேண்டும். இரண்டாவது, முதலாளியே வேலையை விட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? ஆள் குறைப்பில் போனவனும் பீஸைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தால், அந்த வரியை எடுக்கச் சொல்ல வேண்டும். அவன் போகவில்லை, போகச் சொன்னார்கள்.

படிப்புப் பாதியில் இருக்கும்போது வேலை போனால் இன்னொரு சிக்கலும் வரும். கம்பெனி பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இன்று முதல் நாங்கள் பெனாஜா இல்லை என்று சொல்லிவிடும். அந்தத் தவணை பில் அனுப்பியாகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை என்றால், அது பிள்ளையின் கணக்குக்குத் திரும்பி வரும். ஆகவே வேலை மாறும் எண்ணம் இருந்தால், தவணை பீஸ் கட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்குப் போகும் கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். ஆனால் உள்ளே என்ன எழுதுகிறோம் என்பது தமிழில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

'பெண்டஹாரி அவர்களுக்கு. இன்ன பெயருடைய, இன்ன அடையாள அட்டை எண்ணும் மாணவர் எண்ணும் கொண்ட மாணவி, உங்கள் பல்கலைக்கழகத்தில் இன்ன படிப்புப் படிக்கிறார். இன்ன மாதம் தொடங்கும் தவணை முதல் இன்ன மாதம் முடியும் தவணை வரை, இரண்டு தவணைக்கான டியூஷன் பீஸை எங்கள் கம்பெனி கட்டும். மொத்தம் 6,000 வெள்ளிக்கு மேற்படாது. விடுதிக் கட்டணம், புத்தகச் செலவு, தோற்ற பாடத்தைத் திரும்பப் படிக்கும் பீஸ் ஆகியவை இதில் சேராது. பில்லைக் கீழ்க்கண்ட முகவரிக்கு, கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். பில் கிடைத்த 30 நாளில் பணம் கட்டுவோம்.' கீழே கையெழுத்து, பெயர், பதவி, கம்பெனிப் பதிவு எண், முத்திரை, தேதி, தொலைபேசி எண்.

இதில் தொகையும் காலமும்தான் உயிர். இவை இரண்டும் இல்லாத கடிதம் அதிகமாக வாக்குக் கொடுக்கும், குறைவாகக் காப்பாற்றும். 'நல்ல மார்க் வாங்கினால் கட்டுவோம்' என்பது போன்ற நிபந்தனையை இந்தக் கடிதத்தில் எழுதக்கூடாது. பணம் வருமா வராதா என்று தெரியாத கடிதத்தைப் பெண்டஹாரி ஏற்றுக்கொள்ளத் தயங்குவார். நிபந்தனை இருந்தால் அது பிள்ளைக்கும் முதலாளிக்கும் உள்ள பத்திரத்தில் இருக்கட்டும்.

உறவினர் சொந்தப் பேரில் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், சில இடங்களில் சத்தியப் பிரமாணம் கேட்பார்கள். அது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திடுவது. அதில் பொய் எழுதினால் குற்றம். கட்ட வசதியில்லாத சித்தப்பாவிடம் 'சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க, பேப்பருக்குத்தான்' என்று கேட்பது அவரை ஆபத்தில் தள்ளுவதாகும். பேப்பருக்கென்று ஒரு சத்தியம் இல்லை.

கடிதம் ஏறியதா என்று எப்படித் தெரியும்?

கடிதத்தைக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், அதன் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பிள்ளை தன் பீஸ் கணக்கை எடுத்துப் பார்க்கட்டும். அதில் பெனாஜா என்ற இடத்தில் கம்பெனிப் பேர் இருந்தால் கடிதம் ஏறிவிட்டது. அந்த இடம் காலியாகவோ, சொந்தச் செலவு என்றோ இருந்தால் ஏறவில்லை. ஏறிவிட்டது என்றாலும் வேலை முடியவில்லை. பில் போன ஒரு மாதத்தில் அதே கணக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். கடிதம் ஏறுவது ஒன்று, பணம் ஏறுவது வேறு.

இதைப் பிள்ளை தனியாகச் செய்யட்டும் என்று விட்டுவிடக்கூடாது. முதல் வருடப் பிள்ளைக்கு வெட்கமும் பயமும் இருக்கும். "மாமாகிட்ட எப்படிக் கேக்கறது?" என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடும். தவணை தொடங்கிய ஆறாவது வாரம், அப்பாவோ அம்மாவோ போனில் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: "கணக்குல பாக்கி எவ்வளவு காட்டுது?" சைபர் என்றால் சந்தோஷம். சைபர் இல்லை என்றால், பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பெண்டஹாரியைப் பார்த்துத் தவணை முறையில் கட்ட அனுமதி கேட்கலாம், சேமநிதிக்கு மனுப் போடலாம், மாமனிடமும் மனம் விட்டுப் பேசலாம். பரீட்சை வாரத்தில் தெரிந்தால் அடகுக் கடையைத் தவிர வேறு வழி இருக்காது.

அடுத்த சேர்க்கை வரும் முன், உங்கள் தோட்டத்தில் எந்த வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் போகிறதோ, அந்த வீட்டில் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாமன்மாரும் சித்தப்பாமாரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். எவ்வளவு முடியும், எத்தனை தவணைக்கு முடியும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லி, அந்தத் தொகையை மட்டும் கடிதத்தில் எழுதட்டும்.